ஒரே பிறந்த தேதி, மூன்று பெர்த் கார்டு: எந்தக் கூட்டலைப் பிடிப்பது?

பழைய வண்ணாரப்பேட்டையில் என்னிடம் டாரட் பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் இப்போதெல்லாம் தங்கள் பெர்த் கார்டைத் தாங்களே கணக்குப் போட்டுக்கொண்டுதான் வருகிறார்கள். பிறந்த தேதியைக் கூட்டினால் 22-க்குள் ஓர் எண் வரும், டாரட் கட்டின் 22 முக்கியக் கார்டுகளான மேஜர் அர்கானாவில் அந்த எண்ணுள்ளதுதான் உன் கார்டு. இவ்வளவுதான் விஷயம். கிளி ஜோசியத்தில் சீட்டைக் கிளி எடுக்கும், இதில் கணக்கு எடுக்கிறது. அதனால் இதில் சந்தேகத்துக்கே இடமில்லை என்று நினைப்பார்கள். ஆனால் ஒரே வீட்டில் இரண்டு பேர் ஒரே தேதியைக் கூட்டி, வேறு வேறு கார்டோடு வந்து நிற்பது சாதாரணமாக நடக்கிறது.

ராயபுரத்தில் இட்லிக் கடை வைத்திருக்கும் ஓர் அக்காவின் கதை அப்படித்தான். அவர் பிறந்தது 19-12-1969. அக்கா கையால் கூட்டிப் பார்த்ததில் 11 வந்தது. மகள் போனில் பார்த்ததில் 2 வந்தது. மகளின் தோழி வேறொரு முறையில் போட்டு 20 என்றாள். மூன்று பேர் கூட்டலிலும் பிழை இல்லை. கூட்டும் முறைதான் மூன்று.

அக்கா செய்தது, எல்லா இலக்கத்தையும் தனித்தனியாகப் பிரித்துக் கூட்டுவது. 1+9+1+2+1+9+6+9 என்றால் 38. 38 இருபத்திரண்டைத் தாண்டுவதால் மறுபடி 3+8, அதாவது 11.

மகளுடைய முறையில் நாள், மாதம், வருடம் மூன்றையும் முழு எண்ணாகவே வைத்து, பலசரக்குக் கடைக் கணக்குப் போல ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிக் கூட்ட வேண்டும். 19, 12, 1969. கூட்டினால் 2000. அதன் இலக்கங்களைக் கூட்டினால் 2.

தோழியின் முறையில் வருடத்தை இரண்டாக வெட்ட வேண்டும். 19 + 12 + 19 + 69 = 119. மூன்று இலக்கம் வந்தால் முதல் இரண்டை ஒன்றாக வைத்துக்கொண்டு கடைசி இலக்கத்தை அதோடு சேர்ப்பார்கள். 11 + 9 = 20.

இதில் எது ‘அசல்’ என்று கேட்டால், அப்படி ஒன்று கிடையாது. டாரட் சீட்டு 15-ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் விளையாட்டுச் சீட்டாகப் பிறந்தது. அதை வைத்துக் குறி பார்ப்பது 18-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் பரவியது. பிறந்த தேதியைக் கூட்டிக் கார்டு காணும் இந்த வழக்கமோ நேற்று வந்தது. அமெரிக்க டாரட் ஆசிரியர்கள் 1980களில் பரப்பியது, ஆளுக்கொரு விதமாகக் கூட்டினார்கள். ஆகவே ‘முன்னோர் சொன்ன முறை’ என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம். எந்த முறை எதற்கு உதவுகிறது, எங்கே இடிக்கிறது என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

நம் ஊரில் முதல் முறைதான் எல்லோருக்கும் கைவந்தது. காரணம் நியூமராலஜி. விதி எண் பார்க்கத் தேதி முழுவதையும் பிரித்துக் கூட்டிப் பழகிய கை அது. ஆனால் நியூமராலஜியில் ஒற்றை இலக்கம் வரும்வரை கூட்டிக்கொண்டே போவோம். எந்த வழியில் கூட்டினாலும் கடைசியில் அதே ஒற்றை இலக்கம்தான் வரும், அதனால் அங்கே முறை ஒரு பொருட்டே இல்லை. டாரட்டில் அப்படி இல்லை. 22-க்குள் வந்ததும் ஒருமுறை நின்று, அந்த எண்ணுக்கு உரிய கார்டைப் பார்க்க வேண்டும். வழியில் எந்த எண்ணில் நிற்கிறோம் என்பது கூட்டும் முறையைப் பொறுத்தது. மூன்று கார்டு வருவது இதனால்தான்.

இப்போது அந்த மூன்று விடைகளையும் பாருங்கள்: 2, 11, 20. பதினொன்றைக் கூட்டினால் 2, இருபதைக் கூட்டினாலும் 2. இது தற்செயல் இல்லை. ஓர் எண்ணை ஒன்பதால் வகுத்தால் என்ன மீதி வருமோ, அதன் இலக்கங்களைக் கூட்டி ஒன்பதால் வகுத்தாலும் அதே மீதிதான் வரும். பள்ளியில் பெருக்கல் சரிபார்க்கச் சொல்லிக் கொடுத்த அதே வித்தை. அதனால் எந்த முறையைப் பிடித்தாலும் ஒருவர் தன் குடும்பத்தை விட்டு வெளியே போக முடியாது. மேஜர் அர்கானாவின் 22 கார்டுகளும் இப்படி ஒன்பது குடும்பமாகப் பிரிகின்றன. 1, 10, 19 ஒரு குடும்பம். 2, 11, 20 இன்னொன்று. 3, 12, 21 மற்றொன்று. 4, 13 இவற்றோடு 22 சேரும். 22 என்ற எண் சீட்டில் கிடையாது என்பதால் அங்கே பூஜ்யமான ஃபூல் வந்து உட்காரும். ஐந்து முதல் ஒன்பது வரை குடும்பத்துக்கு இரண்டே கார்டு: 5-14, 6-15, 7-16, 8-17, 9-18.

அக்காவின் குடும்பத்தைச் சீட்டில் எடுத்து வரிசையாக வைத்தேன். 2, ஹை ப்ரீஸ்டஸ். கறுப்புத் தூணுக்கும் வெள்ளைத் தூணுக்கும் நடுவில், மடியில் பாதி மறைந்த ஒரு சுருளோடு உட்கார்ந்திருப்பவள். 11, ஜஸ்டிஸ். ஒரு கையில் நிமிர்த்திய வாள், மறு கையில் தராசு. 20, ஜட்ஜ்மென்ட். மேலே தேவதூதன் எக்காளம் ஊத, கீழே பெட்டிகளிலிருந்து ஜனங்கள் எழுந்திருக்கிறார்கள். தெரிந்தும் சொல்லாமல் வைத்திருப்பது, நிறுத்துப் பார்ப்பது, கூப்பிட்டதும் எழுந்து போவது. தீர்ப்பு என்ற ஒரே சரடின் மூன்று இடங்கள். எந்த முறைப்படி பார்த்தாலும் அக்காவைப் பற்றிய பேச்சு இந்தச் சரடைச் சுற்றித்தான் போகும், எதில் அழுத்தம் விழுகிறது என்பது மட்டும் மாறும்.

அப்படியானால் பெர்த் கார்டுக்கு எந்த முறையும் சரிதானே என்றால், கிட்டத்தட்ட ஆமாம். குடும்பம் முழுவதையும் எடுத்துப் பார்க்கிறவருக்கு எது போட்டாலும் ஒன்றுதான். ஒற்றைக் கார்டு போதும் என்கிறவர்தான் முறையைப் பற்றிக் கவலைப்பட வேண்டும். அவருக்கு என் சிபாரிசு முழு எண்ணாகக் கூட்டுவதுதான். இதன் காரணம் வருடக் கார்டில் இருக்கிறது, கீழே வருகிறேன். ஆனால் அந்த முறையில் ஒரு பெரிய ஓட்டை உண்டு, அதை மறைக்கக் கூடாது.

அக்காவின் மகள் பிறந்தது 17-6-2004. முழு எண்ணாகக் கூட்டினால் 2027, அதாவது 11. வருடத்தை வெட்டிக் கூட்டினாலும் 17+6+20+4 = 47, அதுவும் 11. இலக்கம் இலக்கமாகக் கூட்டினால் மட்டும் 20. மகளும் அம்மாவின் குடும்பம்தான் என்பது அவர்களுக்குச் சந்தோஷம், அது ஒருபக்கம் இருக்கட்டும். நான் கவனித்தது வேறு. 2000-லிருந்து 2015 வரை பிறந்த யாருக்கும் முழு எண் கூட்டலில் 16-லிருந்து 22 வரை உள்ள கார்டு வரவே வராது. நாளும் மாதமும் சேர்ந்து அதிகபட்சம் 43 தான் (31-ம் 12-ம்). ஆகவே 2015-இல் பிறந்தவருக்குக்கூட மொத்தம் 2058-ஐத் தாண்டாது. அந்த எல்லைக்குள் இலக்கக் கூட்டல் அதிகமாக வருவது 2049-இலும் 2058-இலும், அது 15. டவர், ஸ்டார், மூன், சன், ஜட்ஜ்மென்ட், வேர்ல்ட், ஃபூல் ஏழும் ஒரு தலைமுறைக்கே மூடிய கதவு. அவர்களுடைய அப்பா அம்மா காலத்தில், 19 என்று தொடங்கும் வருடத்தில் ஒன்றும் ஒன்பதும் சேர்ந்தே 10 வந்துவிடுவதால், பெரிய எண்கள் தாராளமாக விழுந்தன. ‘இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஸ்டார் கார்டே இல்லை பாருங்கள்’ என்று ஒருவர் இதை வைத்துத் தத்துவம் பேசினார். பிள்ளைகள் மேல் குற்றமில்லை, வருடத்தில் பூஜ்யம் அதிகம். வெட்டிக் கூட்டுவதும், 2000 ஜனவரி 1 ஒன்றைத் தவிர, இந்த வருடங்களுக்கு அதே விடையைத் தருவதால் அதுவும் உதவாது. 2000-க்குப் பின் பிறந்தவருக்கு ஒற்றைக் கார்டுதான் வேண்டும், பெரிய எண் கார்டுகளுக்கும் வாய்ப்பு இருக்க வேண்டும் என்றால் இலக்கம் இலக்கமாகக் கூட்டுவது நியாயம்.

முறையைப் பற்றி இவ்வளவு சண்டை போடுகிறவர்கள், கூட்டுகிற தேதி சரியானதா என்று பார்ப்பதில்லை. முறை மாறினால் குடும்பத்துக்குள் இடம் மாறும். தேதி ஒரு நாள் நகர்ந்தால் குடும்பமே மாறிவிடும்.

வடசென்னையில் ஐம்பதைத் தாண்டியவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு பிறந்த தேதி உண்டு. ஒன்று நிஜம், மற்றது பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது போட்டது. ஜூன் மாதம் ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும் என்பதற்காகத் தலைமை ஆசிரியரோ, கூடப் போன மாமாவோ, வாய்க்கு வந்த ஒரு தேதியைச் சொல்லியிருப்பார்கள். அக்காவின் பள்ளிச் சான்றிதழில் 1-6-1969 என்றுதான் இருக்கிறது. ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக் எல்லாம் அதன்படியே. அதைக் கூட்டினால் 1976, இலக்கம் கூட்டினால் 23, அப்புறம் 5. ஹையரோஃபண்ட். தீர்ப்புக்கும் தராசுக்கும் சம்பந்தமே இல்லாத, குருபீடத்தில் உட்கார்ந்த கார்டு. அக்கா பிறந்தது ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரியில், பிறப்புச் சான்றிதழும் இருந்தது. அதனால் 19-12 என்று நிச்சயமாகத் தெரிந்தது. வீட்டுப் பிரசவத்தில் பிறந்தவர்களுக்கு ஜாதக நோட்டைத்தான் புரட்ட வேண்டும்.

ஜாதக நோட்டில் இன்னொரு சிக்கல். நம் கணக்கில் நாள் சூரிய உதயத்தில் தொடங்குகிறது. விடியற்காலை மூன்று மணிக்குப் பிறந்தால் ‘வெள்ளி இரவு 3 மணி, விடிந்தால் சனி’ என்று எழுதுவார்கள். பல நோட்டில் ஆங்கிலத் தேதியையும் அந்த வெள்ளிக்குரிய 19 என்றே போட்டுவிடுவார்கள். டாரட் கூட்டல் ஆங்கிலத் தேதியில்தான் நிற்கிறது, அது நள்ளிரவிலேயே மாறிவிடும். ஆகவே அப்படிப் பிறந்தவருக்கு 20 என்றுதான் எடுக்க வேண்டும். 20-12-1969 என்றால் மொத்தம் 2001, கார்டு 3, எம்ப்ரஸ். 2-11-20 குடும்பத்திலிருந்து 3-12-21 குடும்பத்துக்குத் தாவியாகிவிட்டது. நோட்டில் ‘விடிந்தால்’ என்ற வார்த்தை கண்ணில் பட்டால், கூட்டுவதை நிறுத்திவிட்டு முதலில் நேரத்தைப் பாருங்கள். பெற்றவர்கள் இருந்தால் கேட்டுவிடுவது இன்னும் நல்லது. ‘ராத்திரி’ என்று சொல்வார்கள். ‘சாப்பிட்டுப் படுத்த ராத்திரியா, எழுந்திருக்கப் போகிற ராத்திரியா’ என்று இரண்டாவது கேள்வி கேட்க வேண்டும்.

சரி, வருடக் கார்டுக்கு வருவோம். பிறந்த வருடத்தை எடுத்துவிட்டு நடப்பு வருடத்தைப் போட்டால் அந்த வருடத்துக்கான கார்டு. அக்காவுக்கு 2026-ஐ முழு எண்ணாகக் கூட்டினால் 19+12+2026 = 2057, கார்டு 14, டெம்பரன்ஸ். வெட்டிக் கூட்டினாலும் 19+12+20+26 = 77, அதே 14. இப்போதைய வருடங்களுக்கு இந்த இரண்டு முறையும் எல்லோருக்கும் ஒத்துப்போகும் என்பதால் மூன்றாவது முறையை இங்கே மறந்துவிடலாம். இலக்கம் இலக்கமாகக் கூட்டினால் 23, அதாவது 5. போட்டி இந்த இரண்டுக்கும்தான்.

வருடக் கார்டு ஒற்றையாக நிற்பதில்லை, முந்தின வருடக் கார்டும் அடுத்த வருடக் கார்டும் சேர்ந்தால்தான் அதற்கு அர்த்தம். அக்காவுக்கு இரண்டு முறையிலும் பத்து வருடத்தை எழுதிப் பார்த்தேன். முழு எண் கூட்டலில் 2019-இல் 7, 2020-இல் 8, இப்படியே ஒவ்வொன்றாக ஏறி 2028-இல் 16. நடுவில் ஓர் இடத்திலும் முறியவில்லை. 2029-இல் மொத்தம் 2060 ஆகிவிடுவதால் 8-க்கு இறங்கி மறுபடி ஏறத் தொடங்குகிறது. எல்லோருக்கும் இப்படிப் பத்துப் பத்து வருடமாகத்தான் ஓடும், இறங்குகிற வருடம் மட்டும் அவரவர் நாள், மாதத்தைப் பொறுத்து மாறும். என் வாழ்க்கையில் ஒரு கட்டம் எப்போது தொடங்கியது, எப்போது முடியும் என்று கேட்கிறவருக்கு இதில் ஒரு வரைபடம் கிடைக்கிறது.

இலக்கக் கூட்டலில் அக்காவுக்கு 2020-இல் 17, அங்கிருந்து ஏறி 2025-இல் 22, அதாவது ஃபூல். 2026-இல் 23 ஆனதும் 5-க்கு விழுகிறது. 2029-இல் 8 வரை போய், 2030-இல் 18-க்குத் தாவுகிறது. மேலேயும் கீழேயும் இரண்டு முறிவு. 22-ஐத் தாண்டியதால் ஒன்று, தசாப்தம் மாறியதால் மற்றொன்று. இதில் இரண்டாவது முறிவு ஊரில் உள்ள கிட்டத்தட்ட எல்லோருக்கும் 2030-லேயே வரும். தனி மனிதருக்கான கார்டு என்று சொல்லிவிட்டு, காலண்டர் மாறும்போது ஊரே சேர்ந்து தாவினால் அதில் தனி என்ன இருக்கிறது? முழு எண் கூட்டலை நான் எடுப்பது இதற்காகத்தான்.

இதற்கும் எல்லை உண்டு. 2026-இல் முழு எண்ணாகக் கூட்டினால் மொத்தம் 2028-க்கும் 2069-க்கும் நடுவில்தான் விழும். ஆகவே கார்டு 5-க்குக் கீழே வராது, 17-க்கு மேலே போகாது. 18 மூன், 19 சன் என்று இந்த வருடத்துக்கு யாராவது சொன்னால் ஒன்று அவர் இலக்கம் இலக்கமாகக் கூட்டியிருக்கிறார், இல்லையென்றால் கூட்டலில் தவறு. ஒருவர் எந்த முறையில் போட்டார் என்று கேட்காமலே கண்டுபிடிக்க இது நல்ல வழி. முறையைக் கலந்து போடுவதும் அடிக்கடி நடக்கிறது. பெர்த் கார்டை ஒரு முறையிலும் வருடக் கார்டை வேறு முறையிலும் போட்டுவிட்டு, ‘இந்த வருடம் என் பெர்த் கார்டே வந்திருக்கிறது’ என்று வருவார்கள். அந்த ஒற்றுமைக்கு மதிப்பில்லை.

கடைசியாக ஒரு தேர்வு: வருடம் எப்போது தொடங்குகிறது? ஜனவரி 1-ஆம் தேதியா, பிறந்த நாளா? இரண்டு கட்சியும் உண்டு. பிப்ரவரியில் பிறந்தவருக்கு இது ஒரு மாத வித்தியாசம், விட்டுவிடலாம். டிசம்பரில் பிறந்த அக்காவுக்கோ கிட்டத்தட்ட முழு வருடமே போய்விடுகிறது. ஜனவரிக் கணக்கில் 2026 முழுக்க 14. பிறந்தநாள் கணக்கில் 2025 டிசம்பர் 19-இல் தொடங்கிய 13, 2026 டிசம்பர் 18 வரை ஓடும். அப்புறம்தான் 14.

13 என்றால் டெத். கவசம் போட்ட எலும்புக்கூடு வெள்ளைக் குதிரையில் வரும் படம். அக்கா படத்தைப் பார்த்ததும், ‘ஏம்பா, ஜனவரியிலேருந்தே வெச்சுக்கலாமே’ என்றார். கேட்டதில் தப்பில்லை, ஆனால் கார்டைப் பார்த்தபிறகு கணக்கை மாற்ற ஆரம்பித்தால் கடைசியில் பிடித்த கார்டு வரும்வரை கூட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். கூட்டலில் இருப்பது பிறந்த நாளும் பிறந்த மாதமும் என்பதால், அது மாற வேண்டிய இடமும் பிறந்தநாள்தான் என்பது என் கட்சி. முதலில் அதை முடிவு செய்துகொண்டு அப்புறம்தான் நான் கூட்டுவேன். அந்தக் கார்டை யாரும் சாவுச் செய்தியாக வாசிப்பதில்லை, முடிகிற ஒன்றை முடிய விடுவதாகத்தான் வாசிப்பார்கள். படத்தின் பின்னால் இரண்டு கோபுரத்துக்கு நடுவில் சூரியன் இருப்பதை அக்காவுக்குக் காட்டினேன். அவருக்கு இந்த வருடம் பழைய கடை வாடகை ஒப்பந்தம் முடிகிறது. புதுப்பிப்பதா, மகளோடு சேர்ந்து வேறு இடம் பார்ப்பதா என்ற கேள்வி வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. கார்டு அதற்குப் பதில் சொல்லாது. அட்வான்ஸ் தொகையும் வீட்டுக்காரர் கேட்கும் வாடகையும்தான் சொல்லும். கடையில் எதை இனிமேல் செய்யவே கூடாது என்று நினைக்கிறீர்கள் என்று அக்காவிடம் கேட்பதற்கு மட்டும் அந்தப் படம் பயன்பட்டது. ‘ராத்திரி மாவு அரைக்கிறதை’ என்றார் உடனே.

அப்புறம் அவர் 2029-க்குக் குறித்திருந்த 8-ஐக் காட்டி, ‘இது சனி எண் ஆச்சே’ என்று கவலைப்பட்டார். நியூமராலஜியில் 8 சனிக்கு உரியது, நம் ஊரில் அந்த எண்ணில் வண்டி வாங்கக்கூட யோசிப்பார்கள். டாரட்டில் அந்தப் பயத்துக்கு இடமில்லை. ஆனால் 8 எந்தக் கார்டு என்பது கையிலிருக்கும் சீட்டுக்கட்டைப் பொறுத்தது. 1909-இல் லண்டனில் வெளிவந்த ரைடர் வெயிட் சீட்டில், சிங்கத்தின் வாயை ஒரு பெண் பிடித்திருக்கும் ஸ்ட்ரெங்த் 8, ஜஸ்டிஸ் 11. பழைய பிரெஞ்சு மார்சே சீட்டில் இது அப்படியே தலைகீழ்: ஜஸ்டிஸ் 8, ஸ்ட்ரெங்த் 11. அக்காவிடம் இருப்பது ரைடர் வகை, ஆகவே 2029 டிசம்பரில் அவருக்குச் சிங்கம். மகள் ஆன்லைனில் மார்சே சீட்டு வாங்கப்போவதாகச் சொல்லியிருக்கிறாள். அப்படி வாங்கினால் அவளுடைய 11-ம் ஜஸ்டிஸிலிருந்து ஸ்ட்ரெங்த் ஆகிவிடும் என்பதை இப்போதே அவளிடம் சொல்லிவிட்டேன்.